ஃபிபோனச்சி கோடு: சந்தை 61.8-ல் திரும்புவது கணக்காலா, கூட்டத்தாலா?

“நிஃப்டி 61.8-க்கு வந்தாச்சு, இங்கிருந்து பவுன்ஸ் ஆகும் பாருங்க.” பங்குச்சந்தை பற்றிய யூடியூப் சேனல்களையோ டெலிகிராம் குழுக்களையோ கொஞ்ச நாள் பார்த்தவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு பழகியிருக்கும். சார்ட்டில் ஒரு உச்சத்தையும் ஒரு அடிமட்டத்தையும் தொட்டு இழுத்தால், நடுவில் ஐந்தாறு கிடைமட்டக் கோடுகள் தானாக வந்து விழும். 23.6, 38.2, 50, 61.8, 78.6 என்று ஓரத்தில் எண்கள் இருக்கும். இவைதான் ஃபிபோனச்சி ரீட்ரேஸ்மென்ட் கோடுகள்.

ஆச்சரியம் என்னவென்றால், பல நேரங்களில் விலை அந்தக் கோட்டுக்கு வந்ததும் நிஜமாகவே தயங்குகிறது. சில நேரம் திரும்பியே விடுகிறது. அப்படியானால் சந்தைக்குள் ஏதோ இயற்கை விதி இயங்குகிறதா? இல்லை, எல்லோரும் ஒரே கோட்டைப் பார்ப்பதால் அப்படி நடக்கிறதா? அந்தக் கோட்டை நம்பிப் பணம் போடுகிறவருக்கு இதற்கான பதில் ரொம்ப முக்கியம்.

எண்கள் வந்த வழி

1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89... முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண் வரும். அவ்வளவுதான் ஃபிபோனச்சி வரிசை. இத்தாலியின் பைசா நகரைச் சேர்ந்த லியோனார்டோ, 1202-ல் எழுதிய கணித நூலில் முயல்கள் பெருகும் ஒரு புதிருக்கு விடையாக இதைக் கொடுத்தார். அவருக்கு முன்பே இந்தியாவில் இந்த வரிசை தெரிந்திருந்தது. ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை அசைகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்ட சமஸ்கிருத யாப்பு அறிஞர்களான விரஹாங்கரும் ஹேமச்சந்திரரும் இதே எண்களைக் கண்டறிந்திருந்தார்கள்.

இந்த வரிசையில் ஒரு எண்ணை அடுத்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 55-ஐ 89-ஆல் வகுத்தால் 0.618 வரும். ஒரு எண்ணை விட்டு 34-ஐ 89-ஆல் வகுத்தால் 0.382. இரண்டு எண்களை விட்டு 21-ஐ 89-ஆல் வகுத்தால் 0.236. வரிசையில் இன்னும் மேலே போனாலும் இந்த விகிதங்கள் அநேகமாக மாறாது. இதில் 0.618 என்பது, ‘பொன் விகிதம்’ எனப்படும் 1.618-ன் தலைகீழ் எண்.

மற்ற இரண்டு கோடுகள் கொஞ்சம் வேறு கதை. 78.6 என்பது 0.618-ன் வர்க்கமூலத்திலிருந்து வந்தது. 50 சதவீதத்துக்கும் ஃபிபோனச்சி வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. விழுந்ததில் பாதி மீளும் என்பது டிரேடர்களிடம் வெகுகாலமாக இருக்கும் நம்பிக்கை. அது பயன்படுகிறது என்பதால் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களைச் சந்தைக்குள் கொண்டுவந்ததில் பெரிய பங்கு ரால்ஃப் நெல்சன் எலியட் என்ற அமெரிக்கக் கணக்காளருடையது. விலைகள் அலை அலையாக நகர்கின்றன என்று 1930-களில் எழுதிய அவர், பிறகு அந்த அலைகளை ஃபிபோனச்சி எண்களோடு இணைத்தார். இயற்கையில் இருப்பது சந்தையிலும் இருக்கும் என்பது அவருடைய வாதம். ஆனால் சூரியகாந்திப் பூவில் இந்த எண்கள் வர ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு புது விதையும் முந்தைய விதையிலிருந்து ஒரு குறிப்பிட்ட கோணம் தள்ளி உருவாவதால் இடம் வீணாகாமல் அடுக்கப்படுகிறது. விற்கிறவரும் வாங்குகிறவரும் பேரம் பேசி உருவாகும் விலைக்கு அப்படி ஒரு காரணத்தை யாரும் காட்டவில்லை.

2020 நிஃப்டியில் கோடு போட்டுப் பார்ப்போம்

கொரோனா சரிவு நல்ல உதாரணம். உச்சமும் அடிமட்டமும் அதில் தெளிவாக இருக்கின்றன. 2020 ஜனவரி 20 அன்று நிஃப்டி 12,430 வரை போனது. மார்ச் 24 அன்று 7,511 வரை விழுந்தது. வித்தியாசம் 4,919 புள்ளிகள். விழுந்ததில் எவ்வளவு மீண்டது என்று பார்க்கப் போகிறோம் என்பதால், அடிமட்டத்திலிருந்து மேல்நோக்கி அளக்க வேண்டும்.

4,919-ல் 38.2 சதவீதம் 1,879. அதை 7,511-உடன் கூட்டினால் 9,390. இதே போல 50 சதவீதக் கோடு 9,971-லும், 61.8 சதவீதக் கோடு 10,551-லும் விழும். இனி என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

ஏப்ரல் 20 அன்று நிஃப்டி ஏறக்குறைய 9,390-ஐத் தொட்டது. அங்கிருந்து இறங்கி, மறுநாள் 8,981-ல் முடிந்தது. “பார்த்தீங்களா, 38.2-ல கரெக்டா திரும்பிடுச்சு” என்று சொல்ல இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் ஏப்ரல் 20 இரவு வேறொன்றும் நடந்தது. அமெரிக்காவில் கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் விலை வரலாற்றில் முதல் முறையாக பூஜ்யத்துக்குக் கீழே போய், பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. மறுநாள் உலகச் சந்தைகள் சரிந்தன, இந்தியாவும் சரிந்தது. நிஃப்டியைத் திருப்பியது கோடா, எண்ணெயா? சார்ட்டில் கோடு மட்டும்தான் தெரியும். எண்ணெய் தெரியாது.

ஏப்ரல் 30 அன்று நிஃப்டி 9,889 வரை ஏறியது. 50 சதவீதக் கோட்டுக்கு சுமார் 80 புள்ளிகள் குறைவு. அடுத்த வர்த்தக நாளான மே 4 அன்று ஒரே நாளில் 566 புள்ளிகள் விழுந்தது. இதையும் கோட்டின் கணக்கில் எழுதலாம். ஆனால் அதே இடத்துக்குப் பக்கத்திலேயே 10,000 என்ற முழு எண் நிற்கிறது. ஃபிபோனச்சி என்றால் என்னவென்றே தெரியாதவர்கூட “பத்தாயிரம் வந்தா வித்துடலாம்” என்று நினைத்திருப்பார்.

இப்போது எல்லோரும் கொண்டாடும் 61.8-க்கு வருவோம். ஜூலை 2 அன்று நிஃப்டி 10,551-ல் முடிந்தது. கோடும் அதுதான், முடிவு விலையும் அதுதான். இதைவிடத் துல்லியமாக அமையாது. ஆனால் அங்கே திருப்பமும் இல்லை, தயக்கமும் இல்லை. மறுநாள் 10,607. அடுத்த திங்கள்கிழமை 10,763. சந்தை அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை.

அதே சரிவை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் அளந்தால் நேர்மாறான காட்சி கிடைக்கும். அங்கே உச்சம் 3,393, அடிமட்டம் 2,191. 61.8 சதவீதக் கோடு 2,934-ல் வருகிறது. ஏப்ரல் இறுதியில் அந்தக் கோட்டுக்கு வந்த குறியீடு, மே மாதத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் அதன் மேலும் கீழுமாகத் தடுமாறிவிட்டு, அதற்குப் பிறகுதான் மேலே போனது. அதே சரிவு, அதே விகிதம். ஒரு நாட்டில் கோடு சுவராக நின்றது, இன்னொரு நாட்டில் திறந்த கதவாக இருந்தது. இயற்கை விதி என்றால் நாட்டுக்கு நாடு மாறாது.

கோடுகள் பொருந்துவது ஏன் சுலபம்?

நிஃப்டி உதாரணத்தில் ஐந்து கோடுகள் இருக்கின்றன. “கோட்டுக்குப் பக்கத்தில்” என்பதற்கு மேலே 100, கீழே 100 புள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கோடும் 200 புள்ளி அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்துக்கும் சேர்த்து 1,000 புள்ளி. மொத்தம் 4,919 புள்ளிகளில் இது ஐந்தில் ஒரு பங்கு. அதாவது நிஃப்டி எந்தக் காரணமும் இல்லாமல் எங்கே திரும்பினாலும், ஐந்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு ஃபிபோனச்சி கோட்டுக்குப் பக்கத்தில்தான் திரும்பும்.

அளக்கும் இடத்தை மாற்றினால் கோடுகளும் நகரும். ஜனவரி உச்சத்துக்குப் பதிலாக, சரிவு உண்மையில் தொடங்கியது பிப்ரவரி நடுவில் இருந்த 12,200-லிருந்துதான் என்று ஒருவர் வாதிடலாம். அதில் நியாயமும் இருக்கிறது. அப்படி அளந்தால் 61.8 கோடு 10,409-க்கு இறங்கிவிடும், 140 புள்ளிகள் வித்தியாசம். ஒருவர் நாளின் உச்ச விலையை எடுப்பார், இன்னொருவர் முடிவு விலையை எடுப்பார். எல்லாக் கோடுகளையும் ஒரே சார்ட்டில் போட்டால், ஏதாவது ஒன்று பொருந்தாமல் போவதுதான் கஷ்டம்.

லண்டனின் காஸ் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ராய் பேட்சலரும் ரிச்சர்ட் ராம்யாரும் இதைத்தான் 2006-ல் சோதித்தார்கள். 1914 முதல் 2002 வரையிலான டௌ ஜோன்ஸ் குறியீட்டின் ஏற்ற இறக்கங்களை எடுத்து, திருப்பங்கள் பொன் விகிதம் போன்ற எண்களைச் சுற்றி அதிகமாகக் குவிகின்றனவா என்று பார்த்தார்கள். தற்செயலாக நடக்கக்கூடியதைவிட அதிகமாகக் குவியவில்லை என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

அப்படியும் ஏன் சில நேரம் வேலை செய்கிறது?

இங்கேதான் கூட்டம் உள்ளே வருகிறது. “தானே நிறைவேறும் கணிப்பு” என்று அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-ல் ஒரு கருத்தை விளக்கினார். அவர் சொன்ன உதாரணம் ஒரு வங்கி. நன்றாக நடக்கும் வங்கி திவாலாகப் போகிறது என்று வதந்தி பரவுகிறது. எல்லோரும் பணத்தை எடுக்க ஓடுகிறார்கள். அதனாலேயே வங்கி திவாலாகிறது. வதந்தி பொய்தான், ஆனால் அதை நம்பியவர்களின் செயல் அதை உண்மையாக்கிவிட்டது.

61.8 கோடும் இப்படித்தான் என்பது பலருடைய வாதம். ஒவ்வொரு டிரேடிங் ஆப்பிலும் இந்தக் கருவி இருக்கிறது. எல்லாவற்றிலும் அதே விகிதங்கள்தான். நிஃப்டி போன்ற ஒரு குறியீட்டில் பெரிய உச்சமும் அடிமட்டமும் எவை என்பதில் அவ்வளவாகக் கருத்து வேறுபாடும் வராது. எனவே ஒருவரையொருவர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே விலைக்குப் பக்கத்தில் ஆர்டர் போட்டு வைக்கிறார்கள். விலை அங்கே வந்ததும் அந்த ஆர்டர்கள் விழித்துக்கொள்கின்றன. விலையைத் தடுப்பது கோடல்ல, அதில் காத்திருக்கும் ஆர்டர்கள்.

ஆர்டர்கள் இப்படி ஓரிடத்தில் குவிந்தால் விலை என்ன செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் அந்நியச் செலாவணிச் சந்தையிலிருந்து கிடைத்தது. பொருளாதார நிபுணர் கேரல் ஆஸ்லர், ஒரு பெரிய வங்கிக்கு வந்த நிஜமான ஆர்டர்களை ஆராய்ந்து 2003-ல் கட்டுரை வெளியிட்டார். அவர் பார்த்தது ஃபிபோனச்சி கோடுகளை அல்ல, முழு எண்களை. லாபத்தை எடுக்கும் ஆர்டர்கள் சரியாக முழு எண்களில் குவிந்திருந்தன. நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப்-லாஸ் ஆர்டர்களோ முழு எண்ணைத் தாண்டி, சற்று அப்பால் குவிந்திருந்தன. இதனால் விலை முழு எண்ணுக்கு வரும்போது திரும்ப வாய்ப்பு அதிகம். திரும்பாமல் தாண்டிவிட்டால், அப்பால் இருக்கும் ஸ்டாப்-லாஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெடித்து, விலை அதே திசையில் வேகமெடுக்கும்.

பல பேர் ஒரே கோட்டைப் பார்த்து ஆர்டர் போட்டால், அது எந்தக் கோடாக இருந்தாலும் இதே ஏற்பாடு உருவாகலாம். மறுபடியும் 2020 ஏப்ரலுக்குப் போவோம். 9,390-ல் விற்றவர் ஒருவர், தன் கணிப்பு தப்பினால் வெளியேற 9,430-ல் ஸ்டாப்-லாஸ் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் வெளியேற வேண்டும் என்றால் வாங்க வேண்டும். எனவே அவருடைய ஸ்டாப்-லாஸ் என்பது வாங்கும் ஆர்டர். ஏப்ரல் 28 அன்று நிஃப்டி மீண்டும் கோட்டுக்கு ஒட்டி 9,380-ல் முடிந்தது. 29 அன்று கோட்டைத் தாண்டி 9,553. 30 அன்று 9,859. ஊரடங்கு தளரும் என்ற எதிர்பார்ப்பும் மருந்து பற்றிய நல்ல செய்தியும் அந்த நாள்களில் இருந்தன. அவற்றோடு, தடுக்க நின்றவர்களே மாட்டிக்கொண்டு வாங்க வேண்டியிருந்தால் ஏற்றம் எப்படி இருக்கும் என்பதற்கும் இது பொருத்தமான படம்தான்.

கூட்டமே கோட்டைக் கெடுக்கும்

எல்லோரும் நம்பினால் கோடு இன்னும் பலமாகும் என்று தோன்றும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அது நடக்காது. 9,390-ல் எல்லோரும் விற்பார்கள் என்று தெரிந்தால், கெட்டிக்காரர் ஒருவர் 9,370-லேயே விற்றுவிடுவார். அவரைப் பார்த்தவர் அடுத்த முறை 9,340-ல் விற்பார். கடைசியில் விலை கோட்டைத் தொடாமலேயே திரும்பும், கோட்டில் காத்திருந்தவர் வெறுங்கையோடு நிற்பார். “இது கோடு இல்ல, ஒரு ஸோன்” என்று அனுபவசாலிகள் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இது. ஆனால் ஸோன் அகலமாக அகலமாக, தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பும் கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது எல்லை, கூட்டத்தின் பலம். கோட்டில் காத்திருக்கும் ஆர்டர்களுக்கு ஒரு அளவு உண்டு. வட்டி விகித முடிவோ போர்ச் செய்தியோ வந்து பெரிய நிதி நிறுவனங்கள் ஒரே பக்கம் நகர்ந்தால், அந்த ஆர்டர்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பெரிய நிதி நிறுவனம் தன் பணத்தை நகர்த்துவதற்கு முன் 61.8-ஐப் பார்க்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

தானே நிறைவேறும் கணிப்பு என்பது உண்மையானால், அதற்குச் சில அடையாளங்கள் இருக்க வேண்டும். நிறையப் பேர் பார்க்கும் குறியீடுகளில் கோடு ஓரளவு வேலை செய்ய வேண்டும், யாரும் கவனிக்காத சின்னப் பங்கில் வேலை செய்யக் கூடாது. செய்தி இல்லாத நாளில் தெரிய வேண்டும், செய்தி வந்த நாளில் உடைய வேண்டும். கோட்டில் நிற்பதும் நீண்டகாலத் திருப்பமாக இல்லாமல் சிறு தயக்கமாகவே இருக்க வேண்டும். யாருமே வர்த்தகம் செய்யாத ஒரு சின்னப் பங்கின் சார்ட்டில் “ஃபிபோ லெவல் சூப்பரா ஹோல்ட் ஆகுது” என்று யாராவது சொன்னால் சந்தேகப்படலாம். அங்கே நிறைவேற்ற ஒரு கூட்டமே இல்லை.

நீங்களே சோதிக்கலாம்

இதை வீட்டிலேயே சோதிக்க முடியும். உங்களுக்குப் பழக்கமான ஒரு பங்கின் பழைய சார்ட்டை எடுத்து, ஃபிபோனச்சி கோடு எதையும் போடாமல், முதலில் திருப்பங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு உச்சமும் அடிமட்டமும் எடுத்து, வழக்கமான ஐந்து கோடுகளைப் போட்டு எத்தனை திருப்பங்கள் பொருந்துகின்றன என்று எண்ணுங்கள். அடுத்து, அந்த எண்களை அழித்துவிட்டு மனதுக்குத் தோன்றிய 17, 31, 44, 56, 71 போன்ற எண்களைப் போட்டு மறுபடி எண்ணுங்கள். பெரும்பாலான ஆப்களில் இந்த எண்களை மாற்றும் வசதி செட்டிங்ஸில் இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் பொருந்தினால், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது விகிதத்தின் மகிமை அல்ல. வரிசை முக்கியம்: கோடு முதலில், திருப்பம் பிறகு என்று செய்தால் கண் ஏமாற்றிவிடும்.

கோட்டைப் பயன்படுத்துகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஸ்டாப்-லாஸ்தான். ஒரு பங்கு 400 ரூபாயிலிருந்து 500-க்கு ஏறி, பின்வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 61.8 சதவீதம் பின்வாங்கினால் விலை 438.20. அங்கே வாங்கிவிட்டு 436-ல் ஸ்டாப்-லாஸ் வைப்பதுதான் பலரும் செய்வது. ஆனால் கூட்டத்தின் ஸ்டாப்-லாஸ்களும் அங்கேதான் இருக்கும். விலை ஒரு நிமிடம் 435-ஐத் தொட்டு, எல்லோரையும் வெளியேற்றிவிட்டு மேலே போவது அடிக்கடி நடக்கும் வேடிக்கை.

இதற்குப் பதிலாக, உங்கள் கணிப்பு உண்மையிலேயே தப்பு என்று எந்த விலையில் ஒப்புக்கொள்வீர்கள் என்று யோசித்து, அங்கே ஸ்டாப்-லாஸை வைத்து, எண்ணிக்கையைக் குறைக்கலாம். 2,000 ரூபாய் வரை இழக்கத் தயார் என்றால், 8 ரூபாய் தள்ளி ஸ்டாப்-லாஸ் வைக்கும்போது 250 பங்கு வாங்கலாம். 20 ரூபாய் தள்ளி வைத்தால் 100 பங்குதான். இழக்கும் தொகை ஒன்றேதான், ஆனால் கூட்டத்தின் காலடியில் நசுங்கும் வாய்ப்பு குறையும். ஸ்டாப்-லாஸ் போட்டுவிட்டால் நஷ்டம் அதோடு நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2020 மே 4 போல சந்தை பெரிய இடைவெளியோடு இறங்கித் திறந்தால், நீங்கள் எழுதிய விலைக்கு வெகு கீழேதான் ஆர்டர் நிறைவேறும்.

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்ததாக செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலருடைய சார்ட்டிலும் இதே கோடுகள் இருந்திருக்கும். கோடு தெரிந்திருப்பது ஒரு தனித் திறமை அல்ல, எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் அதன் ஒரே பலம்.

ஆகவே சார்ட்டில் 61.8 தெரிந்தால், “விலை இங்கே திரும்பும்” என்று படிக்காமல், “இங்கே நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்” என்று படியுங்கள். அவர்கள் ஜெயிக்கலாம், மொத்தமாக மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டில் எது நடக்கும் என்று அந்தக் கோடு சொல்லாது.